அரக்குப் பட்டை மாம்பழ மஞ்சளாக்கியபோது: கிம்ப்பில் பட்ட பாடு

திருபுவனம் பட்டுச் சேலை ஒன்றின் படம். அரக்கு உடல், ஜரிகைக் கரை. கும்பகோணத்துக் கடைக்காரருக்கு அதே படம் பச்சையிலும் மாம்பழ மஞ்சளிலும் வேண்டும். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் பச்சை பத்து நிமிடத்தில் முடிந்தது. மஞ்சளுக்கு இரண்டு முறை பிரின்ட் எடுத்து, இரண்டும் வீண். "தம்பி, இது மாம்பழ மஞ்சளா? கருப்பட்டி மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி.

காரணம் லேயர் மோடு, அதாவது மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் விதம். பச்சைக்குச் செய்தது போலவே மேலே ஒரு மஞ்சள் லேயர் வைத்து, மோடை HSL Color ஆக்கியிருந்தேன். அந்த மோடு நிறத்தை மட்டும்தான் மாற்றும். கீழே இருக்கும் துணியின் வெளிச்ச அளவை அப்படியே விட்டுவிடும். அரக்கு இருண்ட நிறம். அடர்ந்த பச்சையும் இருண்டதே, அதனால் பொருந்தியது. மஞ்சள் வெளிச்சத்தில்தான் மஞ்சள். இருட்டில் அது பழுப்பு. எவ்வளவு பளிச்சென்ற மஞ்சளை எடுத்தாலும் இந்த மோடில் கருப்பட்டிதான் வரும். வெள்ளை வேட்டிக்கு நிறம் ஏற்றும்போதும் இதே சிக்கல் மறுபக்கமாக வரும்: HSL Color வெள்ளையை வெள்ளையாகவே விட்டுவிடும்.

தீர்வுக்கு முன், துணியை மட்டும் பிரித்தெடுக்க அதைச் சுற்றி வரையும் கோடான பாத் பற்றி. எழுத்து B அழுத்தினால் பாத் கருவி. துணியின் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளிப் புள்ளி வையுங்கள். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி போதும், சொடுக்கி இழுத்தால் வளையும். கொசுவ மடிப்பில் புள்ளியை அள்ளித் தெளித்தால் விளிம்பு நடுங்கும். கடைசியில் Ctrl பிடித்து முதல் புள்ளியில் சொடுக்கி மூட வேண்டும். இதை மறந்தால் கிம்ப் திட்டாது; கடைசிப் புள்ளியையும் முதல் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்துத் தேர்வெடுத்துவிடும். இடுப்பருகே சாய்வாக ஒரு கத்திவெட்டு தெரிந்தால் பாத் மூடவில்லை என்று அர்த்தம். பிறகு Selection from Path, அதன்மேல் Select > Feather 2 பிக்சல். கோப்பை XCF ஆகச் சேமித்தால் பாத்தும் உள்ளேயே இருக்கும். JPG மட்டும் வைத்திருந்தால், கடைக்காரர் மூன்றாவது நிறம் கேட்கும் நாளில் முழுவதையும் மறுபடி வரைய வேண்டியதுதான்.

இனி மஞ்சள். படத்தின் நகல் லேயர் ஒன்று எடுத்து, Colors > Desaturate > Desaturate போங்கள். அங்கே வழக்கமான Luminance வேண்டாம். Value (HSV) எடுங்கள். அரக்கில் சிவப்புச் சேனலில்தான் மடிப்பின் விவரம் இருக்கிறது. என் படத்தில் துணியின் நடுத்தர இடம் #7A1A2A. Value எடுத்தால் சாம்பல் 122 வரும். Luminance எடுத்தால் ஏறத்தாழ அதில் பாதிக்கு விழும். அதை ஏற்றப் போனால் நிழலில் இருக்கும் இரைச்சலும் சேர்ந்து ஏறிவிடும்.

அடுத்து Colors > Levels. உள்ளீட்டு வெள்ளை முனையை 255-லிருந்து 150-க்கு இழுத்தேன். என் படத்தில் மடிப்பின் உச்சி அவ்வளவுதான் இருந்தது. காமா 1.2. துணி இப்போது பழைய வெள்ளைப் பட்டு போல் தெரிய வேண்டும். அதன்மேல் புதிய லேயரில் #FFC21A நிரப்பி, மோடு Multiply. இந்த மோடு கருமையைத்தான் கூட்டும், ஒருபோதும் வெளுக்காது. அதனால் நிறம் எடுக்கும்போது உண்மையான மஞ்சள் பட்டில் வெயில் பட்ட இடத்திலிருந்து எடுங்கள், நடுத்தர இடத்திலிருந்து அல்ல. நிழல் பச்சையடித்தால் நிறத்தை ஆரஞ்சுப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள்.

இந்த இரண்டு லேயரையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்பின் மோடு Normal ஆகவே இருக்கட்டும். தேர்வு இயங்கிக்கொண்டிருக்கும்போதே குரூப்புக்கு மாஸ்க் சேர்த்து, Selection என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மாஸ்க் இரண்டுக்கும் பொருந்தும். விளிம்பைத் திருத்தினால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும்.

ஜரிகைக் கரையைத் தனிப் பாத்தாக வரைந்து, Ctrl பிடித்துக்கொண்டு Selection from Path அழுத்தினால் தேர்விலிருந்து கழிந்துவிடும். மாஸ்க் சேர்ப்பதற்கு முன்னால் செய்யுங்கள். உடலில் சிதறிக் கிடக்கும் புட்டாவுக்குப் பாத் போட்டு மாளாது. மூல லேயரை இயக்கத்தில் வைத்து, Shift+O அழுத்தினால் வரும், ஒரே நிறத்தைப் படம் முழுக்கத் தேர்ந்தெடுக்கும் கருவியால் ஒரு புட்டாவைச் சொடுக்கி, கிடைத்த தேர்வை மாஸ்க்கில் கறுப்பால் நிரப்புங்கள். பச்சை நிறப் படத்தில் இது கட்டாயம். விட்டால் தங்க ஜரிகை பாசி பிடித்தது போலாகும்.

கடைசியாக, இரண்டாவது பிரின்ட் கெட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. படம் செல்லுக்குச் சுருக்கி வந்த JPG. Levels ஏற்றியதும் மடிப்பு நிழலில் 8க்கு 8 பிக்சல் கட்டங்கள் எழுந்தன. 100 சதவீதப் பெரிதாக்கலில் பார்த்தால்தான் தெரியும், முழுப்படமாகப் பார்த்தால் தெரியாது. அதற்குக் கிம்ப்பில் மருந்து கிடையாது. கேமராவிலிருந்த மூலக் கோப்பைப் பென்டிரைவில் வாங்கி வந்த பிறகுதான் மூன்றாவது பிரின்ட் தேறியது.