தாங்கி நிரம்பும் கணக்கு: விடையை இன்னொரு பாதையால் சரிபார்ப்பது

சாதாரண தரக் கணிதத்தில் குழாயும் தாங்கியும் சேர்ந்து வரும் கணக்கில் சூத்திரம் தெரியாமல் புள்ளி இழப்பவர்கள் குறைவு. ஆரையம்பதியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்போது நான் காண்பது வேறு. கனவளவு சரி, பரப்பளவு சரி, ஆனால் லீற்றர், கன மீற்றர், மணித்தியாலம் என்று அலகு மாறும் இடத்தில் ஒரு பூச்சியம் கூடும், அல்லது ஒரு 60 விடுபடும். நான் சாதாரண தரம் எழுதிய காலத்திலிருந்து இந்தக் கணக்குக்கு வைத்திருக்கும் சரிபார்க்கும் முறையை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

கணக்கு இது. 1.8 மீற்றர் நீளம், 1.4 மீற்றர் அகலம், 1.1 மீற்றர் உயரம் கொண்ட வெறுமையான தாங்கி. உள்விட்டம் 1.4 சென்ரிமீற்றர் கொண்ட குழாயால் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் நீர் வருகிறது. தாங்கி நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கும்? (π = 22/7)

தாங்கியின் கனவளவு 1.8 × 1.4 × 1.1 = 2.772 கன மீற்றர், அதாவது 2772 லீற்றர். குழாயின் ஆரை 0.7 சென்ரிமீற்றர். குறுக்குவெட்டுப் பரப்பளவு 22/7 × 0.7 × 0.7 = 1.54 சதுர சென்ரிமீற்றர். வேகத்தைச் சென்ரிமீற்றரில் எழுதினால் செக்கனுக்கு 200. ஆகவே ஒரு செக்கனில் வருவது 1.54 × 200 = 308 கன சென்ரிமீற்றர். 1000 கன சென்ரிமீற்றர் ஒரு லீற்றர் என்பதால் அது 0.308 லீற்றர். 2772 ÷ 0.308 = 9000 செக்கன். 3600ஆல் வகுத்தால் 2.5 மணித்தியாலம்.

விடை வந்துவிட்டது. இப்போது பெரும்பாலானவர்கள் செய்வது, அதே வரிகளை மேலிருந்து கீழே மறுபடி வாசிப்பது. அதில் பெருக்கல் பிழை பிடிபடலாம். அலகுப் பிழை பிடிபடாது, ஏனென்றால் முதல் தடவை எந்த நினைப்பில் எழுதினோமோ அதே நினைப்பில்தான் வாசிப்போம்.

‘விடை வெட்டிச் சுருங்கி அழகாக வந்தது, அப்போ சரிதான்’ என்பதையும் நம்பக் கூடாது. இதே கணக்கில் விட்டத்தையே ஆரையாக எடுத்துப் பாருங்கள். 22/7 × 1.4 × 1.4 = 6.16. செக்கனுக்கு 1.232 லீற்றர். 2772 ÷ 1.232 = 2250 செக்கன், அதாவது 37.5 நிமிடம். 7 அழகாக வெட்டுப்பட்டு, வகுத்தலும் மிச்சமில்லாமல் முடிந்துவிட்டது. ஆனால் விடை உண்மையானதில் நாலில் ஒன்று. கணிப்பான் இல்லாமல் செய்யும் வினாத்தாள் என்பதால் எண்களை வசதியாகத் தெரிந்தெடுத்திருப்பார்கள். அந்த வசதி பிழையான பாதையிலும் கூடவே வரும்.

அதனால் நான் இரண்டு விதமாகச் சரிபார்ப்பேன். முதலாவது, லீற்றரைத் தொடாமல் முழுக்க மீற்றரில் போவது. 9000 செக்கனும் செக்கனுக்கு 2 மீற்றர் வீதம் நீர் ஓடினால், குழாயைக் கடந்த நீர்நிரலின் நீளம் 18,000 மீற்றர். 18 கிலோமீற்றர் என்றால் மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூரைத் தாண்டிப் போய்விடும். பரப்பளவை மீற்றரில் எழுதினால் 1.54 ÷ 10,000 = 0.000154 சதுர மீற்றர். 0.000154 × 18,000 = 2.772 கன மீற்றர். தாங்கியின் கனவளவும் அதே 2.772. இரண்டும் பொருந்திவிட்டன.

இதன் பலம் அலகுப் பிழையில் தெரியும். 308 கன சென்ரிமீற்றரை 1000க்குப் பதிலாக 100ஆல் வகுத்து 3.08 லீற்றர் என்று எழுதியவருக்கு நேரம் 900 செக்கன் என்று வரும். நீர்நிரல் 1800 மீற்றர், கனவளவு 0.2772 கன மீற்றர். தாங்கியில் பத்தில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கிறது. பிழை எத்தனை மடங்கு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. விட்டத்தை ஆரையாக எடுத்தவர் இங்கேயும் அதே 6.16ஐத்தான் கொண்டுவருவார், எல்லாம் பொருந்தும். அதற்கு இரண்டாவது வழி வேண்டும்: 10 லீற்றர் வாளி. செக்கனுக்கு 0.308 லீற்றர் என்றால் நிமிடத்துக்கு 18.48 லீற்றர். வாளி நிரம்ப ஏறத்தாழ அரை நிமிடம். நம் வீடுகளில் உள்ள அரை இஞ்சிக் குழாய் அமுக்கத்தோடு வரும்போது நடக்கக்கூடிய காரியம். விட்டத்தை வைத்துச் செய்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 74 லீற்றர். வாளி எட்டுச் செக்கனில் நிரம்ப வேண்டும். அவ்வளவு ஒடுங்கிய குழாயில் அது வராது. பரீட்சை வினாவில் எண்கள் எப்போதும் வீட்டுக் குழாய்க்கு ஒத்துப்போகும் என்றில்லை, ஆனாலும் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் உடனே திரும்பிப் பார்க்க வேண்டியது ஆரையைத்தான். கூரையில் வைக்கும் 1000 லீற்றர்த் தாங்கி ஒரு கன மீற்றர் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். நம் கணக்குத் தாங்கி அதில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் 2.5 மணித்தியாலம். “சேர், அப்ப ரெண்டு மணித்தியாலம் ஐம்பது நிமிசம் எண்டு எழுதவா?” என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். தசமப் பகுதியை மட்டும் எடுத்து 60ஆல் பெருக்குங்கள்: 0.5 × 60 = 30. ஆகவே 2 மணித்தியாலம் 30 நிமிடம். லீற்றரும் கன மீற்றரும் பத்தின் அடுக்குகளில் மாறும், நேரம் 60இல் மாறும். ஒரே கணக்கில் இரண்டும் கலப்பதால்தான் இந்தத் தடுமாற்றம்.

செக்கனுக்கு லீற்றரை மணித்தியாலத்துக்குக் கன மீற்றராக மாற்ற 3.6ஆல் பெருக்க வேண்டும். மனப்பாடம் வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் 3600 செக்கன், ஒரு கன மீற்றரில் 1000 லீற்றர், 3600 ÷ 1000 = 3.6. நம் குழாய்க்கு 0.308 × 3.6 = 1.1088 கன மீற்றர். 2.772 ÷ 1.1088 = 2.5.

இப்படியான கணக்கின் இரண்டாவது பகுதியில் சிலவேளை ஒரு வெளியேற்றும் குழாயும் வரும். தாங்கி நிரம்பும்போதே மணித்தியாலத்துக்கு 184.8 லீற்றர் வெளியேறுகிறது என்று தந்தால், வருவதையும் மணித்தியாலத்துக்கு மாற்றிய பிறகுதான் கழிக்க வேண்டும். 0.308 × 3600 = 1108.8 லீற்றர். 1108.8 − 184.8 = 924. 2772 ÷ 924 = 3 மணித்தியாலம். நிமிடத்துக்கான 18.48ஐ வைத்துக் கழிக்கப் பார்த்தால் மறை எண் வரும், அதைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். சரிபார்ப்பதும் சுலபம்: மூன்று மணித்தியாலத்தில் உள்ளே வந்தது 3326.4 லீற்றர், வெளியே போனது 554.4 லீற்றர், தாங்கியில் நின்றது 2772 லீற்றர்.