செய்வினையும் இல்லை, கோழைத்தனமும் இல்லை: வீட்டில் பேசிப் புரியவைத்த கதை

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஆயா, அம்மா, அண்ணன் குடும்பம், நான் என்று ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைவிரல் மரத்துப்போய், இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்ற ஆரம்பித்தது. இதற்குப் பதற்றத் தாக்குதல், ஆங்கிலத்தில் பேனிக் அட்டாக், என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. கடையில் வரிசையில் நிற்கும்போது வரும், டாக்சியில் வரும், சும்மா டிவி பார்க்கும்போதும் வரும்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அண்ணனுக்கு அது மனசு பலவீனம். "நம்ம பாட்டன் பூட்டன் கரும்புத் தோட்டத்துல செத்துச் சுண்ணாம்பானாங்க. யாராவது நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தாங்களா?" என்பான். தாத்தா போனபின் மாரியம்மாளுக்கு ஆடியில் கூழ் ஊற்றுவது நின்றுபோனதுதான் காரணம் என்றார் ஆயா. பெந்தெகோஸ்தே சபைக்குப் போகும் அத்தை, கெட்ட ஆவி என்றார். ஆயாவும் அத்தையும் பல வருஷத்துக்குப் பிறகு ஒத்துப்போன ஒரே விஷயம், இதற்கு டாக்டர் தேவையில்லை என்பதுதான்.

அண்ணனுக்குப் பதில் என்னிடம் இருந்தது. 1860இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் நேட்டாலுக்கு வந்தவர்களிடையே தற்கொலை மிக அதிகம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பாட்டன் பூட்டனுக்கும் மனசு இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை. வாதத்தில் தோற்றவன் அடுத்த வாதத்தைத் தேடுவானே தவிர, என் நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று கேட்க மாட்டான்.

முதலில் டாக்டரிடம் போனேன். இசிஜி எடுத்தார்கள், ரத்தத்தில் தைராய்டு, சர்க்கரை, ரத்தச்சோகை பார்த்தார்கள். முதல்முறையாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் இது பதற்றம்தான் என்று யாரும் தாமாக முடிவு செய்யக் கூடாது. இதயம், தைராய்டு எல்லாம் சரி என்று தெரிந்தபிறகுதான் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பரிசோதனை முடிவுகளை அம்மாவிடம் காட்டியது நல்லதாகப் போயிற்று. இவள் சும்மா சொல்லவில்லை, டாக்டரே பார்த்திருக்கிறார் என்பது அம்மாவுக்கு ஒரு பிடிமானம்.

ஆலோசகர் சொன்ன ஒரு விஷயத்தை அப்படியே பிடித்துக்கொண்டேன்: எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசாதே, தாக்குதல் நடக்கும்போது விளக்காதே, ஒவ்வொருவரிடமும் தனியாக, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுவிட்டுப் பேசு.

அண்ணன் உடற்பயிற்சிக்கூடம் போகிறவன், வார்த்தையை நம்ப மாட்டான். ஒரு நாள் மாலை, "ஒரு நிமிஷம் நாய் இரைக்கிற மாதிரி வேகமா மூச்சு விடு பாப்போம்" என்றேன். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். நிமிஷம் முடிவதற்குள் தலை கிறுகிறுத்து, உதடும் விரல்நுனியும் குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்துவிட்டான். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்குகின்றன, அதுதான் கிறுகிறுப்பு என்று சொன்னேன். "உனக்கு இது ஏன் வந்துச்சுன்னு தெரியும். எனக்கு வரிசையில நிக்கும்போது காரணமே இல்லாம வரும். அப்ப என்ன நினைப்ப?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஹார்ட் அட்டாக்னுதான் நினைப்பேன்" என்றான். அன்றைக்குப் பிறகு பலவீனம் என்ற பேச்சை எடுக்கவில்லை. (இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. அண்ணனிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.)

ஆயாவிடம் இது செல்லாது. அவருக்கு வீட்டு அலாரத்தைச் சொன்னேன். எங்கள் ஊரில் பல்லி ஒன்று சென்சாரின் குறுக்கே ஓடினால் போதும், நடுராத்திரியில் அலாரம் அலறும், காவல் கம்பெனியின் வண்டி வாசலில் வந்து நிற்கும். திருடன் இல்லை. அதற்காக அலாரம் பொய் சொன்னது என்றோ, வீட்டில் பேய் இருக்கிறது என்றோ ஆயா சொல்வதில்லை. "என் உடம்புல அந்த அலாரம் கொஞ்சம் சுருக்கா அடிக்குது ஆயா. சத்தம் நெஜம், திருடன்தான் இல்ல" என்றேன். "பல்லியா?" என்று கேட்டுச் சிரித்தார். அவருடைய பயம் என்ன என்பதும் அன்றுதான் வெளியே வந்தது. கூழ் ஊற்றாத பழி பேத்தி மேல் விழுந்துவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டிருக்கிறார்.

அதனால் ஆடியில் கூழ் ஊற்றினோம். நானும் வேப்பிலை கட்டினேன், திருநீறு பூசிக்கொண்டேன். ஆனால் பூஜைக்கு முன்பே இரண்டு விஷயம் பேசி முடித்தோம். ஒன்று, சாமி ஆடுகிறவர் என்ன சொன்னாலும், பதற்றத்துக்கு நான் சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவது டாக்டர் மட்டுமே. இந்த மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யும், சட்டென்று நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும். இரண்டு, பூஜைக்குப் பிறகும் தாக்குதல் வந்தால் அம்மாள் மன்னிக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. இதை முன்கூட்டியே பேசாத வீடுகளில், சாமி கும்பிட்டும் சரியாகவில்லை என்ற பழி நோயாளியின் பக்தி மேல்தான் விழும். பூஜை முடிந்து சில நாளிலேயே எனக்குத் தாக்குதல் வந்தது. ஆயா, "பல்லி ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

கஷ்டமாக இருந்தது அம்மாதான். அவர் என்னை ஒரு நாளும் திட்டவில்லை. படபடப்பு வந்தால் உடனே பிரஷர் மெஷினை எடுப்பார், முகத்தில் தண்ணீர் தெளிப்பார், கடையில் வந்தால் கூடையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார். வெளியே வந்ததும் படபடப்பு இறங்கும். இறங்கியதால், கடைதான் ஆபத்து, வீடுதான் தப்பிக்கும் வழி என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை கடை வாசலிலேயே ஆரம்பித்துவிடும். அன்பாகச் செய்வதை நிறுத்தச் சொல்வது எப்படி? ஆலோசகரின் அறைக்கே அம்மாவை அழைத்துப் போனேன். அவர் அம்மாவுக்கு வேறு வேலை கொடுத்தார். தாக்குதல் பொதுவாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாக இறங்கும். அதுவரை கடையை விட்டு வெளியேறாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லாமல், "வந்திருக்கு, இறங்கிடும், நான் இருக்கேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடச் சொல்ல வேண்டும். பிரஷர் மெஷின் அலமாரிக்குப் போனது. முதல் சில தடவை அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன், எனக்காக நின்றார்.

என் நெற்றித் திருநீறு விஷயத்திலும் ஆலோசகர் ஒன்று கேட்டார்: பூசாமல் வெளியே போக முடிகிறதா? முடிகிறது என்றேன். முடியாமல் போனால் அது பக்தியாக இல்லாமல் ஊன்றுகோலாகிவிடும், அப்போது வந்து பேசு என்றார்.

அத்தை மாறவில்லை. தாக்குதலின் நடுவே தலையில் கை வைத்து சத்தமாக ஜெபிப்பார், எனக்கு மூச்சு இன்னும் முட்டும். அவரிடம் ஆவி உண்டா இல்லையா என்று பேசவே இல்லை. "எனக்காக தினமும் ஜெபம் பண்ணுங்க அத்தை, ஆனா அந்த நேரத்துல தூரமா நின்னு மனசுக்குள்ள பண்ணுங்க" என்று கேட்டேன். 1994 முதல் இயங்கும் சாடாக் என்ற தென்னாப்பிரிக்க மனநல அமைப்பின் இலவசத் தொலைபேசி உதவியைப் பற்றியும் அவருக்குச் சொன்னேன். தன் சபையில் ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி இருக்கிறது என்று அந்த எண்ணை வாங்கிக்கொண்டார். எனக்கு இருப்பது ஆவிதான் என்று இன்னும் சொல்கிறார். ஜெபத்தை மட்டும் இப்போது சமையலறையில் நின்று செய்கிறார்.