"உப்பு விலை ஏறிடுச்சா?"

ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு மாமியார் கேட்கிறார்: "என்னடி, உப்பு விலை ஏறிடுச்சா?" மூத்த மருமகள் சட்டென்று, "உங்க பிரஷருக்காகத்தான் அத்தை, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்கிறாள். புதிதாக வந்த இளைய மருமகளான உங்களுக்கு இது சண்டை போலத்தான் தெரியும்; ஆனால் செல்லக் கேலியாகவும் இருக்கலாம். காதை விடக் கண்ணை நம்புங்கள். குறை சொன்ன அதே கை இரண்டாம் முறை ரசத்துக்கு நீளுகிறதா? அப்படியென்றால் அது செல்லம். தட்டை ஒதுக்கிவிட்டுப் பேச்சை நிறுத்தினால் அது கோபம்.

முதல் சில வாரம் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூத்தவள் சொன்ன அதே பதிலை நீங்கள் சொன்னால் வாய்த்துடுக்காகிவிடும். அவள் பல வருஷம் சேர்ந்து சமைத்துப் பெற்ற உரிமை அது. யாராவது ஒருவர் பக்கம் சாய்வதும் ஆபத்து. இந்தக் கேலிக்குள் நுழைய நல்ல வாசல் உங்கள் கணவர்தான்: "அத்தை, உங்க பிள்ளை உப்பே இல்லாட்டியும் மூணு கரண்டி வாங்கிக்குறார்!" இதற்கு இருவருமே சேர்ந்து சிரிப்பார்கள்.

பிறந்த வீடு, நகை, நிறம், குழந்தை இவற்றைத் தொடவே வேண்டாம். நாத்தனார் வந்திருக்கும் நாளில் கேலியே வேண்டாம்; தனியாக இருக்கையில் இனிக்கும் பேச்சு, மகள் முன்னால் அவமானமாகிவிடும்.

தப்பித்தவறி எல்லை மீறினால், "வாடி போடி" என்று கூப்பிட்டவர் திடீரென்று "வாங்க" என்பார். அன்று சாயங்காலமே காபியோடு போய், "அத்தை, அதிகமாப் பேசிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் விஷயம் நாத்தனாருக்குப் போனில் போய்விடும்.