தண்ணீர்க் கட்டண உயர்வை எதிர்த்து மாறுபட்ட கருத்துக் குறிப்பு எழுதிய கதை

மன்றத்தில் கை தூக்கி எதிர்ப்பது சுலபம். அதை எழுத்தில் கொடுத்து, அந்த எழுத்து நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறும்படி பார்த்துக்கொள்வது வேறு வேலை என்பது எனக்கு உறுப்பினராகி இரண்டாவது வருடம்தான் புரிந்தது. குடிநீர்க் கட்டணத்தைச் சராசரியாக 20 சதவீதம் உயர்த்தலாம் என்று ஒரு கருத்துரு வந்தது. ஆதரிப்பவர்கள் எண்ணிக்கை முன்பே தெரிந்த விஷயம், தோற்கப்போகிறோம் என்பதும் தெரியும். அப்படியும் குறிப்பு எழுதி என்ன ஆகும் என்று கூட இருந்தவர்களே கேட்டார்கள்.

என் பதில் இதுதான். மன்றத்தில் பேசியது "உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். தீர்மானம் ஒப்புதலுக்கு மேலே போகும்போது அந்த ஒரு வரியை வைத்து அங்கே யாரும் எதையும் கேட்க முடியாது. தணிக்கைக்கு வருகிறவருக்கும் அடுத்த முறை கட்டணத்தைத் தொடப்போகிற மன்றத்துக்கும் அதே கதைதான். குறிப்பை எழுதுவது கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக அல்ல, அங்கே இல்லாத ஒருவருக்காக. முதல் வரைவை எழுதும்போது இதை நான் மறந்துபோனேன்.

முதல் வரைவு மூன்று பக்கம். ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறார்கள், யாரோ ஒருவருக்காகக் கணக்கு போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தேன். மூன்று முறை உறுப்பினராக இருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "தம்பி, இதில் எந்த வரியை அவர்கள் கொடுத்த தாளிலிருந்தே காட்ட முடியும்? அதை மட்டும் வை. நோக்கம் கற்பிக்கிற வரி ஒன்று இருந்தாலும் அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் பதிவிலிருந்து நீக்குவார்கள்" என்றார். அடித்துப் பார்த்தால் மூன்று பக்கத்தில் மிஞ்சியது எட்டு வரி.

சரி என்று கருத்துருவோடு வந்த அலுவலகக் குறிப்பை மறுபடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் இணைப்பாக ஒரு அட்டவணை இருந்தது, யாரும் அதைப் புரட்டியதாகத் தெரியவில்லை. கட்டணத்தில் இரண்டு பகுதி: மாதாமாதம் எல்லோருக்கும் ஒரே மாதிரியான நிலைக் கட்டணம், அப்புறம் மீட்டர் காட்டுகிற ஒவ்வொரு கிலோலிட்டருக்கும் ஒரு கட்டணம். விகிதம்தான் முக்கியம் என்பதால் தொகைகளைச் சுருக்கி வெறும் அலகாகச் சொல்கிறேன். நிலைக் கட்டணம் 60-லிருந்து 90, கிலோலிட்டர் கட்டணம் 10-லிருந்து 11. அதாவது முதலாவது 50 சதவீதம் ஏறுகிறது, இரண்டாவது 10 சதவீதம்தான்.

மாதம் 18 கிலோலிட்டர் செலவழிக்கிற இணைப்புக்குப் போட்டுப் பார்த்தால் பழைய பில் 240, புதியது 288. சரியாக 20 சதவீதம். அலுவலகக் குறிப்பில் சொன்ன "சராசரி" எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் 6 கிலோலிட்டர் வீட்டுக்கு 120 என்பது 156 ஆகிறது, 30 சதவீத உயர்வு. 12 கிலோலிட்டருக்கு 180 என்பது 222, அது 23 சதவீதத்துக்கு மேல். 40 கிலோலிட்டர் இழுக்கிற பெரிய இணைப்புக்கோ 460 என்பது 530, ஏறக்குறைய 15 சதவீதம்தான். எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறோமோ அவ்வளவு அதிக விகிதத்தில் ஏறுகிறது. அதே அட்டவணையில் பாதிக்கு மேற்பட்ட இணைப்புகள் 12-க்குக் கீழே இருந்தன. 18 என்ற சராசரியை மேலே தூக்கிப் பிடித்திருந்தது கொஞ்சம் பெரிய இணைப்புகள்தான். ஆக, பெரும்பாலானவர்களுக்கு 20 சதவீதம் என்ற எண் பொருந்தவே பொருந்தாது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு தூக்கம் வரவில்லை, உண்மையிலேயே.

இரண்டாவது காரணத்தில்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலில் மொத்தக் கேட்பு, அதாவது கட்டச் சொல்லிக் கேட்ட தொகை, 150, மொத்த வசூல் 80. "வசூலே 53 சதவீதம்தான், இதில் கட்டணத்தை ஏற்றி என்ன பயன்" என்று எழுதிவிட்டேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கணக்குப் பிரிவில் ஒருவரிடம் சாதாரணமாகப் பேசும்போது அவர் சிரித்தார். அந்த 150-க்குள் 50 பழைய நிலுவை, அதில் வருடக்கணக்கில் மூடிக்கிடக்கிற இணைப்புகளும் வழக்கில் இருப்பவையும் அடக்கம். நடப்புக் கேட்பு 100, அதில் வசூலானது 70. பழைய நிலுவையிலிருந்து வந்தது 10. இரண்டையும் கலந்துதான் 53 என்று எழுதியிருந்தேன். அப்படியே கொடுத்திருந்தால் கூட்டத்திலேயே அதைக் காட்டி மொத்தக் குறிப்பையும் சிரிப்பாக்கியிருப்பார்கள். யாராவது வசூல் சதவீதம் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, நிலுவையைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதைத்தான்.

திருத்திய பிறகு வாதம் இன்னும் பலமாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. கருத்துரு, கேட்பு 20 கூடினால் வரவும் 20 கூடும் என்று கணக்கிட்டிருந்தது. இப்போதைய 70 சதவீத வசூலே தொடர்ந்தாலும் கூடுதலாக வருவது 14 தான். கட்டணத்தைத் தொடாமல் நடப்பு வசூலை 70-லிருந்து 85-க்குக் கொண்டுபோனால் வருவது 15. நூறு சதவீதம் வசூலிக்கலாம் என்று நான் எழுதவில்லை, அது சுலபமாக நடக்கிற காரியம் அல்ல, எழுதியிருந்தால் அந்த ஒரு வார்த்தையில் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்த காரணம், அதை நானே கழற்றிவிட வேண்டியிருந்தது. ஏற்றுகிற தண்ணீரில் 100-க்கு 65 தான் பில் ஆகிறது, மீதி 35 கசிகிறது, கசிவை அடையுங்கள் பிறகு கட்டணம் கேளுங்கள் என்பது என் வாதம். கேட்க நன்றாக இருக்கும். பொறியாளரிடம் கேட்டபோது பில் ஆகாதது எல்லாம் கசிவு அல்ல என்றார்: பொதுக் குழாயில் போவது, ஓடிக் களைத்த மீட்டர் குறைத்துக் காட்டுவது, திருட்டு இணைப்பு எல்லாமே அந்த 35-க்குள் வரும். சரி, அந்த 100 எப்படி வந்தது என்று பார்க்க நீரேற்று நிலையத்துக்குப் போனேன். வெளியேறும் குழாயில் இருந்த பெரிய மீட்டரின் கண்ணாடிக்குள் ஈரம் பூத்து எண்ணே தெரியவில்லை, முள் அசையவில்லை. ஆபரேட்டர் ஒரு நோட்டைக் காட்டினார். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதி, அதைப் பம்பின் தகட்டில் பொறித்திருக்கிற அளவால் பெருக்கி வைத்திருந்தார்கள். தேய்ந்த பம்பு தகட்டில் இருக்கிற அளவுக்கு நிச்சயம் தள்ளாது. அப்படியென்றால் 100 என்பதே 100 இல்லை, இழப்பு 35-ஐ விடக் குறைவாகவும் இருக்கலாம்.

அதனால் "35 சதவீதம் கசிகிறது" என்ற வரியை எடுத்துவிட்டு, ஏற்றும் அளவை அளக்க வேலை செய்கிற மீட்டர் இல்லை, எனவே ஒரு கிலோலிட்டருக்கு இவ்வளவு செலவாகிறது என்று கருத்துரு காட்டும் உற்பத்திச் செலவையும் சரிபார்க்க வழியில்லை என்று எழுதினேன். பேசும்போது கைதட்டல் வாங்காத வரி. ஆனால் யாராலும் மறுக்க முடியாது, அந்த மீட்டர் அங்கேயேதான் நிற்கிறது.

இனி வடிவம். ஒவ்வொரு மன்றத்துக்கும் அதன் நடைமுறை விதி உண்டு, குறிப்பை எவ்வளவு நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், நீளத்துக்கு வரம்பு உண்டா என்பதை முதலில் அதில் பார்த்துவிடுங்கள். நான் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். அதன் எலும்பு இப்படி:

"பெறுநர்: மன்றத் தலைவர், செயலர் வழியாக.
பொருள்: இன்ன தேதிக் கூட்டம், பொருள் எண் இன்னது, குடிநீர்க் கட்டண உயர்வு, மாறுபட்ட கருத்து பதிவு செய்யக் கோருதல்.
மேற்படி தீர்மானத்துக்கு நான் எதிராக வாக்களித்தேன். கட்டணத்தைக் காலத்துக்கேற்பத் திருத்துவதையே நான் எதிர்க்கவில்லை. முன்மொழியப்பட்ட அமைப்பையும் அதன் வரவுக் கணக்கையும் கீழ்க்கண்ட காரணங்களால் எதிர்க்கிறேன்.
காரணம் 1, 2, 3 (ஒவ்வொன்றின் கீழும் அலுவலகக் குறிப்பின் பக்க எண்).
மாற்று: நிலைக் கட்டணத்தைத் தொடாமல் கிலோலிட்டர் கட்டணத்தை மட்டும் உயர்த்துவது, நடப்பு வசூலுக்கு இலக்கு, பெரிய மீட்டர் பொருத்தி அளந்தபின் மறுபரிசீலனை.
இக்குறிப்பை முழுமையாக நடவடிக்கைப் புத்தகத்தில் சேர்த்து, தீர்மானம் எங்கு அனுப்பப்பட்டாலும் அதனுடன் இணைக்கக் கோருகிறேன்."

கீழே பெயர், கையெழுத்து, தேதி, கொடுத்த நேரம். "எதிராக வாக்களித்தேன்" என்ற வரி கட்டாயம் வேண்டும். வாக்கெடுப்பில் நடுநிலை என்று இருந்துவிட்டு மாறுபட்ட கருத்து கொடுத்தால் செயலர் வாங்க மறுக்க நியாயம் இருக்கிறது. அதேபோல் குறிப்பில் எழுதுகிற மூன்று காரணத்தையும் கூட்டத்தில் ஒரு வரியாவது வாயால் சொல்லிவிடுவது நல்லது, பேசாத விஷயத்தைப் பின்னால் சேர்க்கிறார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. நான் பேச எழுந்தபோது இரண்டு நிமிடம் கொடுத்தார்கள், மூன்று காரணத்தையும் சொல்லி எழுத்தில் தருகிறேன் என்று முடித்து உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைவதற்குள் இரண்டு பிரதியில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அங்கிருந்த ஊழியர் "நாளைக்கு வாங்களேன்" என்றார். நாளைக்கு என்றால் அது வேறு தேதி. அங்கேயே நின்றேன்.

அந்த முத்திரை அடுத்த கூட்டத்திலேயே தேவைப்பட்டது. முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைகளை உறுதிசெய்ய வைத்தபோது பார்த்தால், பயந்தபடியே "ஒரு உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று மட்டும் இருந்தது. உறுதி செய்வதற்கு முன்பே எழுந்து பிரதியைக் காட்டினேன். உறுதி செய்து கையெழுத்தான பிறகு கேட்டிருந்தால் தனியாக ஒரு திருத்தத் தீர்மானம் வேண்டும், அதற்கும் ஆதரவு எனக்குக் கிடைத்திருக்காது. தலைவர் கொஞ்சம் முகம் சுளித்தார், செயலர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு இணைப்பாகச் சேர்க்கிறோம் என்றார்.

தீர்மானம் நிறைவேறியது நிறைவேறியதுதான். ஒப்புதலுக்குப் போன கோப்பு சில வாரம் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பியது: உயர்வு எந்த அளவுச் செலவுக்கு எத்தனை சதவீதம் என்று அடுக்குவாரியாகப் பட்டியல் கொடுக்கவும். பட்டியலைத் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போனது, முன்பு என்னைப் பார்த்துச் சிரித்த அதே கணக்குப் பிரிவுக்காரருக்கு. என் குறிப்பின் இரண்டாவது பக்கத்தை ஒரு பிரதி தரமுடியுமா என்று கேட்டு அவர் வந்தார்.