விடுப்பு எடுத்த பையனைத் தேர்ச்சி போட்ட சூத்திரம்: ஹெச்.எம்.முக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் எங்கள் ஹெச்.எம். சாருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு நான் வகுப்பாசிரியர், பாடம் கணக்கு. பிரிவில் 42 பேர். முன்னேற்ற அறிக்கையைக் கையால் எழுதுவதை விட்டுவிட்டு எக்செலில் போடலாம், மொத்தமும் தேர்ச்சிக் குறிப்பும் தானாக வந்துவிடும் என்பதுதான் விஷயம். கடிதம் ஒன்றரைப் பக்கம் போனது. நேரம் மிச்சம், பிழை குறையும், அச்சு அழகாக இருக்கும் என்று எழுதித் தள்ளியிருந்தேன். ஆதாரமும் கையில் இருந்தது. அந்தக் காலாண்டில் நான் கையால் எழுதிய அட்டைகளில் இரண்டில் கூட்டல் தப்பு. ஒன்றில் பட்டியலின் அடுத்த வரிப் பிள்ளையின் ஆங்கில மதிப்பெண் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளையின் அம்மா நேரில் வந்து கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஹெச்.எம். கடிதத்தைப் படித்துவிட்டு, "போட்டுக் காட்டுங்க டீச்சர்" என்றார். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். கூட்டலில் அவரை ஏமாற்ற முடியாது.

மடிக்கணினியைத் திறந்து காலாண்டு மதிப்பெண்களைக் காட்டினேன். ஐந்து பாடம், ஐந்து நெடுவரிசை. கடைசியில் என் சூத்திரம்:

```
=IF(AND(C2>=35,D2>=35,E2>=35,F2>=35,G2>=35),"தேர்ச்சி","தோல்வி")
```

அவர் திரையைப் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து, "பதினேழாம் நம்பர் சமூக அறிவியல் எழுதலையே, அம்மை போட்டிருந்துச்சே. அவன் என்ன ஆனான்?" என்று கேட்டார். அந்த வரிக்குப் போனோம். தமிழ் 62, ஆங்கிலம் 48, கணக்கு 51, அறிவியல் 63, சமூக அறிவியல் AB. மொத்தம் 224. எதிரே "தேர்ச்சி" என்று இருந்தது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இதை அவங்கப்பா கையில கொடுத்தா, எழுதாத பரீட்சையில பாஸ் போடுற ஸ்கூலுன்னு ஊரே பேசும்" என்றார். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. எக்செல் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால், எழுத்தைத்தான் எப்போதும் பெரியதாக எடுத்துக்கொள்ளும். அதனால் AB என்பது 35-ஐ விடப் பெரியது. 100-ஐ விடவும் பெரியது. கட்டம் காலியாக இருந்தால் இதற்கு நேர்மாறு: அதைப் பூஜ்யமாகக் கொண்டு தோல்வி போட்டுவிடும். ஆக, பரீட்சைக்கு வராத பையன் தேர்ச்சி. பரீட்சை எழுதியும் ஆசிரியர் இன்னும் மதிப்பெண் ஏற்றாத பிள்ளை தோல்வி. இரண்டும் தலைகீழ். திரையில் பார்த்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும்.

COUNTIF வைத்து 35-க்குக் கீழே எத்தனை பாடம் என்று எண்ணும் வழியையும் முயன்றேன். அது இன்னும் மோசம். எழுத்தையும் காலிக் கட்டத்தையும் அது கணக்கிலேயே சேர்க்காது. எண்ணிக்கை பூஜ்யம் வரும், இரண்டு பேருமே தேர்ச்சி ஆகிவிடுவார்கள்.

இதைச் சரிசெய்துகொண்டிருந்த சமயம், ஆசிரியர் அறையில் அறிவியல் டீச்சர் எட்டிப் பார்த்து இன்னொரு ஓட்டையைக் காட்டினார். "அறிவியலுக்கு ஏன் ஒரே கட்டம் வெச்சிருக்கீங்க?" பொதுத்தேர்வில் அறிவியல் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 தனித்தனியாக எடுத்தால்தான் தேர்ச்சி. எங்கள் பள்ளியில் காலாண்டுக்கும் செய்முறையை நடத்தி மதிப்பெண் போட்டுவிடுவார்கள், நான் இரண்டையும் கூட்டி ஒரே கட்டத்தில் வைத்திருந்தேன். வரிசை எண் 29 அறிவியலில் 42. என் சூத்திரப்படி தேர்ச்சி. பிரித்துப் பார்த்தால் எழுத்து 18, செய்முறை 24. பொதுத்தேர்வில் இதே மதிப்பெண் வந்தால் போயிற்று. அந்தப் பிள்ளைக்கு மற்ற பாடங்கள் தமிழ் 58, ஆங்கிலம் 37, கணக்கு 36, சமூக அறிவியல் 55. எல்லாவற்றிலும் தப்பித்து அறிவியலில் மட்டும் மாட்டக்கூடிய பிள்ளை. உள்தேர்வு வைப்பதே இதை முன்கூட்டிச் சொல்லத்தானே? நான் கையால் எழுதிக் கொடுத்த அட்டையிலும் வெறும் 42-தான் போட்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குக் கணினியைக் குற்றம் சொல்ல முடியாது.

அறிவியலை இரண்டாகப் பிரித்தேன். C தமிழ், D ஆங்கிலம், E கணக்கு, F அறிவியல் எழுத்து, G செய்முறை, H சமூக அறிவியல், I மொத்தம், J குறிப்பு. ஆறு கட்டத்திலும் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து ஆறும் எண்ணா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மதிப்பெண்:

```
=IF(COUNTBLANK(C2:H2)>0,"பதிவு முழுமையில்லை",
 IF(COUNT(C2:H2)<6,"தேர்வு எழுதாத பாடம் உள்ளது",
 IF(AND(C2>=35,D2>=35,E2>=35,F2>=20,G2>=15,H2>=35),
 "தேர்ச்சி","தேர்ச்சி பெறவில்லை")))
```

20-உம் 15-உம் சேர்ந்தாலே 35 ஆகிவிடுவதால் அறிவியல் மொத்தத்துக்குத் தனி நிபந்தனை தேவைப்படவில்லை.

"தோல்வி" என்ற சொல் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் தமிழ் ஐயா செய்த காரியம். "அரையாண்டுல என்னம்மா தோல்வி? இன்னும் போட்டியே ஆரம்பிக்கலையே" என்றார். அதோடு விடாமல், 'தேர்ச்சி' என்று அச்சில் பார்த்தால் பெற்றோர் அதைப் பொதுத்தேர்வு முடிவு மாதிரி எடுத்துக்கொள்வார்கள், குறிப்புக்கு மேலே 'இத்தேர்வில்' என்று ஒரு சொல் சேர் என்றார். சேர்த்தேன். சூத்திரத்தில் மேற்கோளுக்குள் வரும் தமிழை யூனிகோடில் அடிக்க வேண்டும். பள்ளி அலுவலகக் கணினியில் பழைய வானவில் எழுத்துருவில் அடித்துப் பார்த்தபோது சூத்திரப் பட்டையில் சம்பந்தமில்லாத ஆங்கிலக் குறிகள்தான் தெரிந்தன. பிறகு யார் திருத்துவது?

இரண்டாவது கடிதத்தை நவம்பரில் எழுதினேன். ஒரு பக்கம்தான். அதன் நடுப்பகுதி இது:

"பொருள்: பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு – அரையாண்டு முன்னேற்ற அறிக்கையைக் கணினியில் தயாரித்தல் – அனுமதி வேண்டுதல்.

ஐயா, கணினி போடும் குறிப்பு நான்கு வகை மட்டுமே. மதிப்பெண் விடுபட்ட மாணவருக்கு அறிக்கை அச்சிடப்படாது. தேர்வு எழுதாத பாடம் உள்ள மாணவருக்குத் தேர்ச்சி என்றோ இல்லை என்றோ வராது, மொத்தமும் போடப்படாது. அறிவியலில் எழுத்து, செய்முறை இரண்டும் தனித்தனியே காட்டப்படும். குறிப்புக்குக் கீழே வகுப்பாசிரியர் கையால் எழுத இரண்டு வரி காலியாக விடப்படும். இந்த அரையாண்டுக்கு மட்டும் கையெழுத்துப் பட்டியலும் வழக்கம்போல் தயாரிக்கப்பட்டு, இரண்டும் ஒப்பிட்ட பின்னரே தங்கள் கையொப்பத்துக்கு வைக்கப்படும். காலாண்டு மதிப்பெண்களில் வரிசை எண் 17, 29 ஆகியோரின் மாதிரி அறிக்கைகளை இணைத்துள்ளேன்."

நேர மிச்சம் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஹெச்.எம். இணைப்பைத்தான் முதலில் புரட்டினார். 17-ஐப் பார்த்துத் தலையை ஆட்டினார். 29-இல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: "ராங்க் எங்கே?" எல்லாப் பாடத்திலும் தேறியவர்களுக்கு மட்டும் ராங்க் வருவதுபோல் சூத்திரம் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் சேர்க்கலாம் என்றேன். "பப்ளிக்குலயே 2017-ல நிறுத்திட்டாங்க. நமக்கு எதுக்கு, விடுங்க" என்று சொல்லிவிட்டு, பச்சை மையில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதினார். பக்கத்தில், 'அ பிரிவுக்கு மட்டும்'.

அரையாண்டு விடுமுறையில் மதிப்பெண் ஏற்றினேன். ஒவ்வொரு பாட ஆசிரியரும் தாளில் தந்ததைப் பார்த்து நானே அடித்தேன். தவறான எண் விழாமல் இருக்க டேட்டா வேலிடேஷனில் இதைப் போட்டிருந்தேன்:

```
=OR(C2="AB",AND(ISNUMBER(C2),C2>=0,C2<=100))
```

எழுத்துத் தேர்வுக்கு 100-க்குப் பதில் 75, செய்முறைக்கு 25. கையால் அடித்தால் இது தடுக்கும். வேறு கோப்பிலிருந்து ஒட்டினால் தடுக்காது. சமூக அறிவியல் சார் மட்டும் வாட்ஸ்அப்பில் கோப்பாகவே அனுப்பினார், அதை அப்படியே ஒட்டினேன். மூன்று பிள்ளைகளுக்குத் திடீரென்று 'தேர்வு எழுதாத பாடம் உள்ளது' என்று வந்தது. மூவரும் எழுதியவர்கள். கூர்ந்து பார்த்தால் அந்த மூன்று எண்கள் மட்டும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றன. எண்ணாக இருந்தால் வலப்பக்கம் நிற்கும். எழுத்தாகப் பதிவாகியிருந்த எண்கள் அவை. திரும்ப அடித்ததும் சரியாகின.

அச்சிடுவதற்குத் தனித் தாள். ஒரு கட்டத்தில் வரிசை எண்ணை மாற்றினால் அட்டை முழுக்க அந்தப் பிள்ளைக்கு மாறும்:

```
=VLOOKUP($B$3,Marks!$A$2:$J$43,3,FALSE)
```

இதிலும் ஒரு முள் உண்டு. பட்டியலில் காலியாக இருக்கும் மதிப்பெண் அட்டையில் 0 என்று வரும். விடுபட்டதற்கும் பூஜ்யம் வாங்கியதற்கும் வித்தியாசம் தெரியாது. குறிப்பு 'பதிவு முழுமையில்லை' என்று இருந்தால் அச்சிடுவதில்லை என்று கடிதத்தில் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

கையெழுத்துப் பட்டியலோடு ஒப்பிட ஒரு மாலை ஆனது. நானும் அறிவியல் டீச்சரும் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்தோம். வேறுபாடு நான்கு இடத்தில். மூன்றில் என் கைக்கூட்டல் தப்பு. ஒன்றில் நான் 56-ஐ 65 என்று அடித்திருந்தேன். 65-உம் 100-க்குள் இருக்கும் எண்தானே, எந்தச் சூத்திரம் அதைப் பிடிக்கும்? வாசித்துப் பார்த்ததால் மாட்டியது. அடுத்த தேர்விலிருந்து கைப்பட்டியல் வேண்டாம் என்று ஹெச்.எம். சொன்னபோதும், வாசித்து ஒப்பிடுவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

காலி விட்ட இரண்டு வரிகளை நிரப்பத்தான் அதிக நேரம் பிடித்தது. வரிசை எண் 29 எழுத்தில் 18-லிருந்து 23-க்கு வந்திருந்தாள். அவள் அட்டையில் அச்சு 'தேர்ச்சி' என்றது. அதற்குக் கீழே, "அறிவியல் எழுத்துத் தேர்வில் இன்னும் கவனம் வேண்டும், மூன்று மதிப்பெண்தான் மிச்சம்" என்று எழுதினேன்.

ஜனவரியில் 'ஆ' பிரிவு டீச்சரும் கோப்பைக் கேட்டார். கொடுத்தேன். அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டார்: கடைசி ஆறு பிள்ளைகளுக்கு அட்டை முழுக்க #N/A. அவர் பிரிவில் 48 பேர், என் சூத்திரம் 43-ஆவது வரியோடு நின்றுவிடுகிறது. 43 இருக்கும் இடத்திலெல்லாம் 100 என்று மாற்றச் சொன்னேன். 'அ பிரிவுக்கு மட்டும்' என்ற வரிக்கு அவரே தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.