கோபி, கடை வாடகை பாக்கி: நாட்குறிப்பு

24-11-2024, ஞாயிறு

நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் மோட்டார் காயில் கட்டும் கடை இன்றும் பாதி ஷட்டர்தான். என் கணவர் படுக்கையிலிருந்தே, "வாடகை வந்துச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்று சொல்ல மனசு வரவில்லை.

25-11-2024

வாடகை நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மாதம் 8,000. அந்தந்த மாத வாடகையை மறுமாதம் 5-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கடைக்காரர் ஜூலைக்கு 5,000 தந்தார். ஆகஸ்ட், செப்டம்பருக்கு ஒன்றுமில்லை. தீபாவளி முடிந்து நவம்பர் 2 அன்று போனில் 6,000 அனுப்பினார்.

ஆக நாலு மாதத்துக்கு 32,000. வந்தது 11,000. மீதி 21,000. கூட்டலில் குழப்பமில்லை. எந்த மாதத்தில் எவ்வளவு பாக்கி என்று எழுதும் இடத்தில்தான் கை நின்றுவிட்டது.

26-11-2024, செவ்வாய்

ஈரோடு. நாள் முழுக்க ஆஸ்பத்திரி.

27-11-2024

பவானியிலிருந்து கொழுந்தனார் வந்தார். வக்கீல். நோட்டைப் பார்த்ததும் முதலில், "நவம்பரைச் சேர்க்காதீங்க நங்கை, அது டிசம்பர் 5 வரைக்கும் பாக்கியே ஆகாது" என்றார். சேராததைச் சேர்த்துவிட்டால் மற்ற கணக்கையும் சந்தேகப்படத் தோன்றுமாம்.

அந்த 6,000-ஐப் பற்றி நிறைய நேரம் பேசினோம். வழக்கமாகப் பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவு வைப்போம். அப்படி வைத்தால் ஜூலை தீர்ந்து, ஆகஸ்டில் 5,000, செப்டம்பர், அக்டோபர் முழுசாக நிற்கும். ஆனால் பணம் அனுப்பும்போதே அவர் குறிப்பில் 'அக்டோபர் வாடகை' என்று போட்டிருக்கிறார். கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்து, நாமும் வாங்கிக்கொண்டால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம். எப்படி எழுதினாலும் 21,000 தானே என்றேன். "மொத்தம் ஒண்ணுதானுங்க. ஆனா அவரு போன்ல அக்டோபர்னு இருக்கறப்ப நம்ம கடிதத்துல வேற மாதிரி இருந்தா, பேச்சு அங்கதான் போகும், பணத்துக்கு வராது" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

அட்வான்ஸ் 24,000 நம்மிடம் இருக்கிறது. அதில் கழிக்கவில்லை. காலி செய்யும்போது கொடுக்க வேண்டிய பணம் அது.

28-11-2024, வியாழன்

எழுதி முடித்தேன்.

"தம்பிக்கு வணக்கம். நமது கடையின் வாடகை பாக்கி மாதவாரியாக: ஜூலை 3,000, ஆகஸ்ட் 8,000, செப்டம்பர் 8,000, அக்டோபர் 2,000. ஆக மொத்தம் ரூ. 21,000. 2-11-2024 அன்று தாங்கள் அனுப்பிய 6,000 அக்டோபருக்கு வரவு வைக்கப்பட்டுள்ளது. இந்தப் பாக்கியை 31-12-2024 செவ்வாய்க்கிழமைக்குள் தீர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். நவம்பர், டிசம்பர் வாடகை இதில் சேராது. கணக்கில் வேறுபாடு இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லவும்."

'இறுதி எச்சரிக்கை' என்று தலைப்புப் போடச் சொன்னார்கள் சிலர். போடவில்லை. பூட்டுப் போடு, கரண்டைப் பிடுங்கு என்றும் சொன்னார்கள். 2017 வாடகைச் சட்டப்படி வாடகைக்கு இருப்பவருக்குக் கரண்ட், தண்ணீரை நிறுத்தக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் அதை நான் செய்யமாட்டேன். பிழைக்கிற இடம்.

தேதியை யோசித்துத்தான் போட்டேன். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரை தோட்டத்தில் மோட்டார் அதிகம் ஓடாது. ஓடாத மோட்டார் கருகாது, இவருக்கும் வேலை வராது. வாய்க்கால் அடைத்தபின் கிணறும் போரும் ஓடத் தொடங்கும். நவம்பர் கடைசி என்று போட்டிருந்தால் அவரால் முடியாது. தேதி வெறும் தேதியாகப் போயிருக்கும்.

29-11-2024

ஈரோடு. கடிதம் பையிலேயே இருந்தது.

30-11-2024, சனி

மேகமூட்டம். புயல் என்கிறார்கள். மழை வந்தால் மோட்டார் வேலை இன்னும் தள்ளிப்போகும்.

கடைக்குப் போனேன். கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று இருந்தது, கொடுக்கவில்லை. அவரே வரும் வரை நின்றேன். மேசையில் பிரித்துப் போட்ட ஸ்டேட்டர், கருகிய வார்னிஷ் வாசம். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். அக்டோபர் வரியில் விரலை வைத்து நின்றார். "கணக்கு சரிங்கக்கா. தேதியும் பரவால்லீங்க" என்றார். நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினேன். தபாலில் போட்டிருந்தால் ஒப்புகை அட்டைக்குக் காத்திருந்திருப்பேன்.

டீ வாங்கிக் கொடுத்தார். மறுக்க முடியவில்லை.

2-12-2024

மழை.

4-12-2024

ராத்திரி தூக்கம் இல்லை. 31 தாண்டினால்? அப்புறம் வக்கீல் நோட்டீஸ்தான். இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார் கொழுந்தனார். கேட்கக் கேட்க வயிறு பிசைந்தது. இந்தப் பணம் வந்தால்தான் எங்கள் செவ்வாய், வெள்ளி ஆஸ்பத்திரிச் செலவு ஓடும். அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

6-12-2024

ஈரோடு.

10-12-2024

ஈரோட்டிலிருந்து வரும் வழியில் போன் அடித்தது. 3,000. குறிப்பில் 'ஜூலை பாக்கி' என்று இருக்கிறது.

ஜூலை தீர்ந்தது, மீதி 18,000 என்று நோட்டில் எழுதி, ரசீது கிழித்து அனுப்பினேன். நவம்பர் வாடகைக்கு 5-ஆம் தேதி தாண்டிவிட்டது. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும், இதோடு கலக்கக் கூடாது.