வாராந்த மரக்கறிப் பெட்டியை நிறுத்திய அனுபவம்

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எங்களோடு வந்து தங்கிய பின்னர், வெள்ளவத்தைச் சந்தையில் அவரே பார்த்துப் பார்த்து மரக்கறி வாங்கத் தொடங்கியதால், சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெட்டி தேவையற்றதாகிவிட்டது. அந்த உறுப்புரிமையை நிறுத்தியபோது நான் கண்டவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, இறுதி நேரம் எதுவென்பதே. உதவிப் பக்கத்தில் 'புதன்கிழமை நள்ளிரவு' என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வாரம் வியாழக்கிழமை போயா விடுமுறை. பொதி செய்பவர்கள் அன்று வேலைக்கு வரமாட்டார்கள் என்பதால், விவசாயிகளிடம் கொடுக்கும் கொள்முதல் பட்டியலை நிறுவனம் ஒரு நாள் முன்னதாகவே மூடிவிடுகிறது. என் கணக்கில், அடுத்த பெட்டிக்குக் கீழே சிறிய எழுத்தில் 'செவ்வாய் மாலை 6.00 வரை மாற்றலாம்' என்றிருந்தது. பொது அறிவிப்பைவிட, அந்தந்தப் பெட்டிக்குக் கீழே உள்ள நேரத்தையே நம்ப வேண்டும். அது கடந்தால் பட்டியல் பூட்டப்பட்டு, அட்டையிலிருந்து பணமும் எடுக்கப்படும். அதன்பின் உறுப்புரிமையை நிறுத்தினாலும் அந்தப் பெட்டி வந்தே தீரும்.

ஆகவே திங்கட்கிழமை இரவே அமர்ந்தேன். உறுப்புரிமையைத் தொடுவதற்கு முன், நாட்காட்டிப் பக்கத்தில் அந்த வாரப் பெட்டியை மட்டும் 'இந்த வாரம் வேண்டாம்' என்று குறித்தேன். இந்த ஒழுங்கு முக்கியமானது. நிறுத்தும் பக்கங்கள் நீளமானவை. இடையில் இணைப்பு அறுந்தாலும், ஒரு பக்கம் திறக்காமல் போனாலும், அடுத்த பெட்டிக்கான பணமாவது தப்பும்.

பின்னர் திட்ட அமைப்புகளுக்குள் சென்றேன். காரணம் கேட்டார்கள்; அடுத்துக் கழிவு தருவதாகச் சொன்னார்கள்; அதற்கடுத்த பக்கத்தில் 'தற்காலிகமாக இடைநிறுத்து' என்ற பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது. உண்மையான நிறுத்தம் அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், பொத்தான் வடிவமே இல்லாத ஒரு வரியாகக் கிடந்தது. வெளியேற விரும்புகிறவரிடமிருந்து வெளியேறும் வழியை இப்படி மறைப்பது நேர்மையல்ல என்பதே என் எண்ணம். பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தால், சில வாரங்களில் பெட்டியும் கட்டணமும் தாமாகவே மீண்டும் தொடங்கியிருக்கும்.

'உங்கள் கோரிக்கை கிடைத்தது' என்று திரையில் தோன்றுவதை மட்டும் கொண்டு நிறுத்தம் முடிந்ததெனக் கொள்ள முடியாது. திட்டத்தின் நிலை 'நிறுத்தப்பட்டது' என மாற வேண்டும், அடுத்த விநியோகத் திகதி மறைய வேண்டும், மின்னஞ்சலில் உறுதிப்படுத்தலும் வர வேண்டும். எனக்கு முதலிரண்டும் உடனே நடந்தன. மின்னஞ்சல் மறுநாள் காலையில்தான் வந்தது. அதுவரை அந்தத் திரையைப் படமெடுத்து வைத்திருந்தேன்.

செயலியைக் கைபேசியிலிருந்து அழித்தால் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். செயலி போனாலும் கணக்கும் அட்டை விவரமும் அவர்களிடமே இருக்கும். வாரக் கட்டணம் வழமைபோல அறவிடப்படும். நான் உறுதிப்படுத்தல் வந்த பின்னர் அட்டையை கணக்கிலிருந்து நீக்கி, செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் பிறகு வங்கியின் குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.